ஒரு ஏக்கர் தென்னைக்கு சொட்டு நீர்: பைப் அடியில இருந்து கைக்காசு வரைக்கும் ஒரு கணக்கு

கேள்வி: "பொள்ளாச்சி பக்கம் ஒரு ஏக்கர் தென்னை, காய்ப்புல இருக்கற மரம், 25 அடி இடைவெளி. போர்ல 5 ஹெச்பி மோட்டார், தோட்டத்து மூலையில இருந்து 150 அடி தள்ளி இருக்கு. சொட்டு நீர் போட்டா பைப் எத்தனை அடி, டிரிப்பர் எத்தனை, மானியம் போக என் கையில இருந்து எவ்வளவு போகும்?"

முதல்லயே தொகைய சொல்லிடறேன். முழுக்க சொந்தக் காசுல போட்டீங்கன்னா சுமாரா 35,000 ரூபா. மானியத்துல போனா 'ஒரு பைசா வேண்டாம்'னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா உங்க தோட்டத்துக்கு கையில ஒரு 10,000 ரூபாயாவது வெச்சுக்கிட்டு இறங்குங்க. அது ஏன்னு கணக்கு போட்டாதான் புரியும், வாங்க போடலாம். நான் சொல்ற விலையெல்லாம் கணக்குக்கு எடுத்துக்கிட்ட விலை, கடைக்குக் கடை கம்பெனிக்கு கம்பெனி மாறும், உங்க ஊர் விலைய அதுல போட்டுக்கோங்க. அடியும் எண்ணிக்கையும் மாறாது, அதுதான் முக்கியம்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு மரத்துக்கு 25க்கு 25, அதாவது 625 சதுர அடி. வகுத்தா 70 மரம் வரும். வயல் நீளசதுரமா இருக்குன்னு வெச்சுக்கிட்டு 7 வரிசை, வரிசைக்கு 10 மரம்னு எடுத்துக்கறேன், அப்ப அகலம் 175 அடி, நீளம் 250 அடி. உங்க காடு கோணலா இருந்தா வரிசைக்கு வரிசை மரம் கூடக்குறைய வரும், அப்ப டேப்பு எடுத்துப்போய் ஒவ்வொரு வரிசையா அளந்துடுங்க, கண்ணால பார்த்து மதிப்பு போட்டா கடைசி வரிசைக்கு டியூப் பத்தாம போயிடும்.

இப்ப தண்ணி. ஏன்னா தண்ணி எவ்வளவுன்னு தெரியாம டிரிப்பர் எத்தனைன்னு முடிவு பண்ண முடியாது. நம்ம மேற்கு மாவட்டங்களுக்கு வேளாண் பல்கலைக்கழக பரிந்துரை, தண்ணி தட்டுப்பாடு இல்லாதப்ப சொட்டு நீர்ல காய்ப்பு மரத்துக்கு பிப்ரவரில இருந்து மே வரைக்கும் ஒரு நாளைக்கு 65 லிட்டர், மத்த மாசங்கள்ல 55, 45னு குறையும். கோடையத்தான் கணக்குக்கு எடுக்கணும். 70 மரம், 65 லிட்டர், பெருக்கினா நாளைக்கு 4,550 லிட்டர். போர்ல இவ்வளவு தண்ணி கோடையில வருதான்னு மட்டும் பார்த்துக்கோங்க, வராட்டி 45 லிட்டருக்கு இறங்கலாம், மரம் தாங்கும், காய் கொஞ்சம் குறையும்.

மரத்துக்கு நாலு டிரிப்பர், ஒவ்வொன்னும் மணிக்கு 8 லிட்டர். அப்ப ஒரு மரத்துக்கு மணிக்கு 32 லிட்டர், ரெண்டு மணி நேரம் ஓட்டினா 64 லிட்டர், கோடைத் தேவை முடிஞ்சுது. மும்முனை கரண்ட்டு வர்ற நேரத்துக்குள்ள தாராளமா முடிச்சுடலாம். சிலர் மரத்துக்கு ரெண்டு டிரிப்பர் போட்டு நாலு மணி நேரம் ஓட்டலாமேன்னு கேப்பாங்க. லிட்டர் கணக்கு சரிதான், ஆனா தென்னைக்கு வேர் மரத்த சுத்தி எல்லா பக்கமும் இருக்கு, ரெண்டே இடத்துல மட்டும் ஈரம் இருந்தா மத்த பக்கத்து வேர் காஞ்சு கிடக்கும். நாலு பக்கமும் நாலு புள்ளி வேணும். 70 மரத்துக்கு 280, அடைச்சா மாத்தறதுக்கு சேர்த்து 310 வாங்கிடுங்க. ஒன்னு 4 ரூபான்னா 1,240 ரூபா. எல்லாரும் டிரிப்பர்தான் பெரிய செலவுன்னு நினைச்சு அதை குறைக்கப் பார்ப்பாங்க, மொத்த பில்லுல அது சின்ன தொகைதான்.

காசு எங்க போகுதுன்னா டியூப்ல. சப்மெயின் பைப்ப வயலோட ஒரு ஓரத்துல அகலவாக்குல போடறோம்னு வெச்சுக்கோங்க, அதுல இருந்து ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு லேட்டரல் ஓடும். முதல் மரம் வரைக்கும் பன்னெண்டரை அடி, அப்புறம் 9 இடைவெளி 225 அடி, வெயில்ல சுருங்கி விரியறதுக்கு கொஞ்சம் தளர்வா விடணும், கடைசியில மடக்கி எண்ட் கேப் போடணும், ஆக வரிசைக்கு 250 அடி. ஏழு வரிசைக்கு 1,750 அடி. இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டு நிறைய பேர் கடைக்குப் போயிடறாங்க. ஆனா மரத்த சுத்தி ஒரு வளையம் போடணுமே. மரத்துல இருந்து 4 அடி தள்ளி வட்டமா சுத்தினா ஒரு வளையத்துக்கு 25 அடி வேணும். 70 மரத்துக்கு அதுவும் 1,750 அடி! நேரா ஓடற லைன் எவ்வளவோ அவ்வளவு டியூப் மரத்த சுத்தறதுக்கே போகுது. மொத்தம் 3,500 அடி, மீட்டர்ல 1,067.

லைனுக்கு 16 எம்எம், வளையத்துக்கு 12 எம்எம் போதும். வளையத்துல ஓடறது மணிக்கு 32 லிட்டர்தான், அதுக்கு 16 தேவையே இல்லை. 16 மீட்டருக்கு 10 ரூபா, 12 மீட்டருக்கு 7 ரூபான்னு போட்டா 5,330ம் 3,730ம் சேர்ந்து 9,060 ரூபா. ரெண்டுலயும் ஐஎஸ்ஐ முத்திரையோட ஐஎஸ் 12786னு டியூப் மேலயே அடிச்சிருக்கும், டிரிப்பருக்கு ஐஎஸ் 13487. முத்திரை இல்லாத டியூப் பாதி விலைக்கு கிடைக்கும், ஆனா வெயில்ல கிடந்து சீக்கிரம் வெடிப்பு விட்டுடும், அப்புறம் முழுசா மாத்தணும். மத்ததுல எங்க வேணா மிச்சம் பிடிங்க, டியூப்ல மட்டும் வேண்டாம்.

யாராவது ரொம்ப கம்மி விலைக்கு கொட்டேஷன் குடுத்தா வளையம் இருக்கான்னு முதல்ல பாருங்க. பெரும்பாலும் இருக்காது, லைன்ல ஓட்டை போட்டு நாலு மெல்லிசு டியூப்ப இழுத்து விட்டிருப்பாங்க. அதுவும் தண்ணி குடுக்கும்தான், ஆனா களை எடுக்கறப்ப வெட்டுப்படும், தேங்கா பறிக்கறவங்க காலுல சிக்கும், எலி கடிக்கும், ஆறு மாசத்துல நாலுல ஒன்னு எங்கயோ திரும்பி மரத்துக்கு வெளிய ஊத்திக்கிட்டு இருக்கும். டிரிப்பர் இருக்கற இடத்துல ஒரு அடிக்கு ஒரு அடி குழி எடுத்து தென்னை நார்க்கழிவு போட்டு நிரப்பி, சாய்வா ஒரு சின்ன பிவிசி துண்டு வெச்சு அதுக்குள்ள சொட்டு விழற மாதிரி செஞ்சா தண்ணி நேரா வேர்கிட்ட இறங்கும், மேல ஆவியாகறது குறையும். பல்கலைக்கழகமே சொல்ற முறை இது, அவங்க மரத்துல இருந்து ஒரு மீட்டர் தள்ளி குழி எடுக்க சொல்றாங்க. அப்படி செஞ்சா வளையமும் கொஞ்சம் சின்னதாகும், மரத்துக்கு 21 அடி போதும். ஆள் கூலி மட்டும் பார்த்துக்கோங்க, 280 குழி.

அடுத்தது பிவிசி. இதுல சப்மெயின் எங்க போடறதுங்கறதுதான் கேள்வி. வயலுக்கு நடுவுல போட்டு ரெண்டு பக்கமும் லேட்டரல் பிரிச்சாதான் கடைசி மரத்துக்கு தண்ணி சமமா போகும்னு பொதுவா சொல்லுவாங்க. வரிசை 400, 500 அடின்னா அது சரி. உங்க வரிசை 250 அடிதான், ஒரு லைன்ல 10 மரம், மணிக்கு 320 லிட்டர் ஓடுது, 16 எம்எம் டியூப்ல கடைசி வரைக்கும் போறதுக்குள்ள ஒரு மீட்டர் உயரத்து அழுத்தம் அளவுக்குத்தான் குறையும். டிரிப்பர் 10 மீட்டர் அழுத்தத்துல வேலை செய்யறது, ஒரு மீட்டர் குறைஞ்சா வித்தியாசமே தெரியாது. நடுவுல போடணும்னா மூலையில இருந்து இன்னொரு 125 அடி பிவிசி, அதுக்கு குழி, அதுக்கு கூலி, எல்லாம் வீண். அதனால ஓரத்துலயே போடுங்க, உழவு ஓட்டறப்பவும் இடைஞ்சல் இல்லை. காடு சாய்வா இருந்தா மட்டும் மேட்டுப் பக்கத்து ஓரத்துல போடுங்க.

போர்ல இருந்து தோட்டத்து மூலை வரைக்கும் வர்ற மெயின் 150 அடி, பைப் 20 அடி நீளத்துல வரும், அப்ப 8 பைப். 63 எம்எம் ஒன்னு 500 ரூபான்னா 4,000. சப்மெயின் முதல் வரிசையில இருந்து ஏழாவது வரிசைக்கு 150 அடி, கடைசியில கழிவு வால்வுக்கு கொஞ்சம் சேர்த்து 160 அடி, அதுவும் 8 பைப், 50 எம்எம் 450 ரூபான்னா 3,600. ஒரு ஏக்கருக்கு மெயினும் 50 போதும்தான். ஆனா பக்கத்துல இன்னும் ரெண்டு மூணு ஏக்கர் இருந்து பின்னாடி அதுக்கும் போடற எண்ணம் இருந்தா இப்பவே 63 புதைச்சுடுங்க, மறுபடி தோண்டறது பைப் விலைய விட அதிகம் ஆகும். ஒன்றரை அடி ஆழத்துக்கு மேல புதைங்க, ரோட்டவேட்டர் ஓட்டற தோட்டம்னா ரெண்டு அடி.

மோட்டார்கிட்ட வைக்கற சாமான்: ஃபில்டர் ஒன்னு 4,000, உரம் குடுக்க வென்சுரி 1,500, பால் வால்வு, காத்து வெளியேத்தற வால்வு, பிரஷர் கேஜ், கழிவு வால்வு எல்லாம் 2,500, ஆக 8,000. சப்மெயின்ல லேட்டரல மாட்டற டேக் ஆஃப், டீ, எண்ட் கேப் மாதிரி சில்லறை 1,500. பிவிசி எல்போ, பசை எல்லாம் 1,000. கூட்டினா சாமான் மட்டும் 28,400 ரூபா. 310 அடி குழி எடுக்கறதுக்கு 3,500, மாட்டற கூலி 3,000 போட்டா 34,900. இதுதான் மேல சொன்ன 35,000.

நீங்க கேக்காத ஒன்ன சொல்லணும், உங்க கேள்வில எனக்கு உறுத்தினது அந்த 5 ஹெச்பி மோட்டார்தான். 70 மரத்துக்கு மணிக்கு 32 லிட்டர்னா மொத்தம் 2,240 லிட்டர்தான் வெளிய போகுது. உங்க மோட்டார் எவ்வளவு தள்ளுதுன்னு ஒரு 200 லிட்டர் டிரம்ம வெச்சு பாருங்க, ஒரு நிமிஷத்துல நிறைஞ்சா மணிக்கு 12,000 லிட்டர். மீதி தண்ணி எங்க போகும்? போக வழி இல்லாம அழுத்தம் ஏறும், டேக் ஆஃப் பிடுங்கிக்கும், டிரிப்பர் தெறிக்கும், பைப் ஜாயிண்ட் விடும். சாமான் மட்டம்னு கம்பெனிய திட்டுவோம், காரணம் இதுவா இருக்கும். கிணறா இருந்தா பைபாஸ் போட்டு மீதிய கிணத்துக்குள்ளயே திருப்பி விட்டுடலாம். உங்களுக்கு போர், அதனால மீதிய ஒரு தரைத்தொட்டிக்கு விடணும், இல்ல அதே நேரத்துல பக்கத்து வயலுக்கு வாய்க்கால்ல பாய விடணும். தொட்டி ஏற்கனவே இருந்தா இன்னும் நல்லது, போர் தண்ணிய தொட்டில விட்டு, தொட்டில இருந்து 1 ஹெச்பி மோட்டார்ல சொட்டு நீர் ஓட்டுங்க. எப்படி செஞ்சாலும் கேஜ்ல ஃபில்டருக்கு அப்புறம் ஒன்னுல இருந்து ஒன்றரை கிலோவுக்குள்ள நிக்கணும். இந்த பைபாஸ் செலவு பெருசு இல்லை, ஆனா எந்த கொட்டேஷன்லயும் தானா வராது, நீங்கதான் கேக்கணும்.

இப்ப மானியம். நம்ம தமிழ்நாட்டுல சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம். மத்திய திட்டத்துல சிறு குறுவுக்கு 55, மத்தவங்களுக்கு 45 சதவீதம்தான், மேல இருக்கறத மாநில அரசு போடுது. 5 ஏக்கருக்குள்ள நிலம் இருந்தா தாசில்தார்கிட்ட சிறு குறு விவசாயி சான்று வாங்கணும், அந்த ஒரு பேப்பர் இல்லாட்டி நீங்க 75 சதவீதக் கணக்குல போயிடுவீங்க. கூட சிட்டா, அடங்கல், வயல் வரைபடம், ஆதார், பாஸ்புக், போட்டோ. கூட்டுப் பட்டாவா இருந்தா முன்கூட்டியே விஏஓகிட்ட பேசிடுங்க, நிறைய விண்ணப்பம் அங்கதான் நின்னு போகுது.

100 சதவீதம்னா எதுல 100ங்கறதுதான் விஷயம். உங்க பில்லுல இல்லை. பயிர் இடைவெளியையும் பரப்பையும் வெச்சு அரசு ஒரு அலகுத் தொகை நிர்ணயம் பண்ணியிருக்கும், அதுல 100. இடைவெளி நெருக்கமா இருந்தா தொகை அதிகம், காய்கறி கரும்புக்கு எல்லாம் பெருசா வரும். தென்னை மாதிரி அகலமா நடற பயிருக்கு லைன் குறைவுங்கறதால தொகை கம்மி. அதனால மெயின் பைப் தூரமா இருந்தாலோ வளையம் பெருசா வேணும்னாலோ அலகுத் தொகை தாண்டிடும், தாண்டறது உங்க கைக்காசு. குழி எடுக்கறதும் பொதுவா நம்ம தலையிலதான் விழும்.

ஒரு உதாரணத்துக்கு அலகுத் தொகை 24,000னு வெச்சுக்குவோம். இது நான் கணக்குக்கு வெச்ச நம்பர், உங்களுக்கு எவ்வளவுன்னு கொட்டேஷன்லயே வரும், அதை இதுல மாத்திக்கோங்க. சாமான் 28,400, அதுல 24,000 போனா 4,400 பாக்கி. குழியும் கூலியும் 6,500. சிறு விவசாயியா இருந்தா கையில இருந்து 10,900 ரூபா. மாட்டற கூலிய கம்பெனியே பார்த்துக்கிட்டா 7,900. அதே 75 சதவீதக்காரருக்கு 24,000ல 18,000தான் மானியம், இன்னும் 6,000 கூடும், 16,900 ஆகும். அலகுத் தொகை 20,000ன்னா ரெண்டு கணக்கும் ஏறும், போட்டுப் பாருங்க. மெயின் பைப் செலவ குறைக்க இன்னொரு வழி இருக்கு, சொட்டு நீர் போடறவங்களுக்கு துணை நீர் மேலாண்மைத் திட்டத்துல மோட்டார், தண்ணி கொண்டு போற பைப், தரைத்தொட்டிக்கு பாதி மானியம் உண்டு, உச்சவரம்பு உண்டு. இப்ப உங்க வட்டாரத்துல அதுக்கு நிதி ஓடுதான்னு வேளாண் விரிவாக்க மையத்துல விண்ணப்பம் போடறப்பவே கேட்டுடுங்க.

தயவு செஞ்சு ஒன்னு பண்ணாதீங்க, அவசரப்பட்டு முதல்லயே கடையில வாங்கி போட்டுட்டு அப்புறம் பில்ல எடுத்துக்கிட்டு ஆபீஸுக்கு போகாதீங்க, கிடைக்காது. உழவன் ஆப்ல இல்லாட்டி ஆபீஸ்ல பதிவு பண்ணி, அங்கீகாரம் பெற்ற கம்பெனில ஒன்ன தேர்ந்தெடுத்து, அவங்க வயல அளந்து வரைபடமும் கொட்டேஷனும் போட்டு, வேலை உத்தரவு வந்த அப்புறம்தான் சாமான் இறங்கணும். மானியத் தொகை நேரா கம்பெனிக்கு போகும், உங்க பங்கு மட்டும் நீங்க கட்டறது.

இன்னொன்னு, ஒருதடவை மானியம் வாங்கின நிலத்துக்கு 7 வருஷம் கழிச்சுத்தான் மறுபடி கேக்க முடியும். அதனால ஊடுபயிரா கோகோவோ வாழையோ ஜாதிக்காயோ வைக்கற யோசனை இருந்தா விண்ணப்பத்துலயே அதை சொல்லுங்க. அப்ப இடைவெளி மாறும், லைன் கூடும், அலகுத் தொகையும் அதுக்கு ஏத்தபடி வரும். தென்னைக்கு மட்டும்னு வாங்கிட்டு அடுத்த வருஷம் கோகோ வெச்சா அதுக்கான லைன் முழுக்க சொந்த செலவு. ஒரு வருஷத்துக்குள்ள வைக்கப் போறீங்கன்னா அதுவரைக்கும் பொறுத்திருந்து சேர்த்தே போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

கொட்டேஷன் கைக்கு வந்ததும் மொத்தத் தொகைய பார்க்காதீங்க, மூணு வரியத்தான் பார்க்கணும்: 16 எம்எம் எத்தனை மீட்டர், 12 எம்எம் எத்தனை மீட்டர், டிரிப்பர் எத்தனை. உங்க தோட்டத்துக்கு 533, 533, 280. 12 எம்எம் வரியே இல்லைன்னா வளையம் இல்லை. டிரிப்பர் 140னு இருந்தா மரத்துக்கு ரெண்டு. அங்கயே பேசி மாத்தச் சொல்லுங்க, வித்தியாசத் தொகைய நான் கட்டறேன்னு சொன்னா செஞ்சு குடுப்பாங்க.

வேலை முடிஞ்சு கையெழுத்து கேப்பாங்க இல்ல, அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஒதுக்குங்க. மோட்டார ஓட விட்டு, லேட்டரல் கடைசி மூடிய எல்லாம் திறந்து உள்ள இருக்கற மண்ணும் பிளாஸ்டிக் துருவலும் போக விட்டு மூடுங்க. அப்புறம் ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில ஒரு டிரிப்பர் கீழ வெச்சு கடிகாரம் பாருங்க, 8 லிட்டர் டிரிப்பர்னா கால் மணி நேரத்துல நிறையணும். போர்கிட்ட இருக்கற முதல் மரத்துலயும் ஏழாவது வரிசை கடைசி மரத்துலயும் ரெண்டுலயும் வெச்சு பாருங்க, பத்துல ஒரு பங்கு வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம். கடைசி மரத்துல பாதிதான் வருதுன்னா எங்கயோ லீக்கு, இல்ல டியூப் மடிஞ்சிருக்கு, இல்ல ஃபில்டர் அடைச்சிருக்கு. முதல் மரத்துலயே பத்து நிமிஷத்துல நிறைஞ்சுடுச்சுன்னா அழுத்தம் ஜாஸ்தி, பைபாஸ இன்னும் திறக்கணும்.

இதே பாட்டில் சோதனைய வருஷத்துக்கு ரெண்டு தடவை செய்யுங்க, நம்ம பக்கத்து போர் தண்ணி நிறைய இடத்துல உப்பு கூடினது, டிரிப்பர் வாயில வெள்ளையா படியும், கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அளவு குறைய ஆரம்பிச்சுடும். கால் மணி நேரத்துல ஒன்றரை லிட்டருக்கு கீழ வந்துட்டா டிரிப்பர கழட்டி சுத்தம் பண்ணவோ ஆசிட் விடவோ நேரம் வந்தாச்சு. சூப்பர் பாஸ்பேட், டிஏபி எல்லாம் வென்சுரில கரைச்சு விடாதீங்க, அடியில நிக்கற கசடு நேரா டிரிப்பர்ல போய் உட்காரும். அதெல்லாம் வட்டப்பாத்தில கையால போட்டுட்டு யூரியா, வெள்ளை பொட்டாஷ மட்டும் தண்ணில குடுங்க.